கரண்ட் போய் மூடிய டிராயிங்கை மீட்ட கதை, உங்களுடையதையும் சொல்லுங்கள்

வீட்டு பிளான் போடுபவர்:
நேற்று மாலை 4.20க்கு கரண்ட் போனது, யுபிஎஸ்ஸும் தாங்கவில்லை. ஆட்டோகேடில் முதல் மாடி பிளான் ஓடிக்கொண்டிருந்தது, காலை 11.40க்குப் பிறகு நான் சேவ் செய்யவே இல்லை. பதறிப்போய் முதலில் .bak கோப்பைப் பெயர் மாற்றித் திறந்தேன். மாடிப்படி பாதியில் நிற்கிறது, கதவு ஜன்னல் எதுவும் இல்லை. கை நடுங்கிவிட்டது. அப்புறம் பக்கத்து சீட் அண்ணன் சொல்லி `SAVEFILEPATH` அடித்து, அது காட்டிய ஃபோல்டரைத் திறந்தால் 4.12க்குத் தானாகவே பதிவான .sv$ கோப்பு இருந்தது! அதை டெஸ்க்டாப்புக்கு காப்பி செய்து .dwg என்று மாற்றித் திறந்தேன். எட்டு நிமிட வேலைதான் போனது.

ஸ்ட்ரக்சுரல் டிராஃப்ட்ஸ்மேன், 19 வருடம்:
நல்லவேளை தம்பி, .bak-ஐ மட்டும் பார்த்துவிட்டு மறுபடி வரைய உட்காரவில்லை. .bak என்பது நீங்கள் கடைசியாகச் சேவ் செய்ததற்கும் முந்தைய நிலை, அதனால்தான் அது 11.40ஐவிடவும் பழையது. இது மாதிரி நேரத்தில் எதையும் திறக்கும் முன் .dwg, .bak, .sv$ மூன்றையும் வேறு ஃபோல்டருக்கு காப்பி எடுத்துவிடுங்கள். கெட்டுப்போன டிராயிங் எப்படியோ திறந்துவிட்டது என்று சந்தோஷத்தில் சேவ் கொடுத்தால், நல்ல .bak மேலேயே கெட்டது வந்து உட்கார்ந்துவிடும். எனக்கு ஒரு ஃபுட்டிங் டிராயிங் அப்படித்தான் போனது.

இன்டீரியர் செய்யும் அக்கா:
நான் `SAVETIME` 5 வைத்திருக்கிறேன், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே என் ஃபைலில் சேவ் ஆகிவிடும். அதனால் Ctrl+S பக்கமே போவதில்லை.

ஸ்ட்ரக்சுரல் டிராஃப்ட்ஸ்மேன், 19 வருடம்:
5 வைத்தது சரிதான் மேடம். ஆனால் அது உங்கள் .dwg-இல் எழுதாது, தனியாக .sv$-இல்தான் எழுதும். மூடும்போது சேவ் வேண்டுமா என்று கேட்பதற்குத் தவறி 'No' கொடுத்துவிட்டால், டிராயிங் ஒழுங்காக மூடியதாகக் கணக்கு, .sv$-உம் அழிந்துவிடும். தயவுசெய்து Ctrl+S-ஐ விடாதீர்கள்.

மெஷின் டிசைன் பையன்:
எனக்கு சாலிட்வொர்க்ஸில் வந்தது. ஒரு சின்ன ஃபில்லெட் போட்டதும் ரீபில்ட் முடியவே இல்லை. Esc அழுத்தி நிறுத்தி, ஃபீச்சர் மரத்தின் அடியில் இருக்கும் ரோல்பேக் பாரை அந்த ஃபில்லெட்டுக்கு மேலே இழுத்தேன், பார்ட் உயிரோடு வந்தது. ஃபில்லெட்டை அழித்துவிட்டு வேறு ஆரத்தில் போட்டேன். ஆட்டோகேடிலும் அந்தப் பார் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்களேன்?

ஸ்ட்ரக்சுரல் டிராஃப்ட்ஸ்மேன், 19 வருடம்:
இதில் அப்படி ஒன்று கிடையாது தம்பி. உங்களுக்கும் ஃபைல் திறந்தால்தான் அது உதவும்.

வீட்டு பிளான் போடுபவர்:
அண்ணே, இன்னொரு சந்தேகம். .sv$ எல்லாம் டெம்ப் ஃபோல்டரில் கிடக்கிறது, ஆபீஸில் வாராவாரம் அதைச் சுத்தம் செய்கிறார்கள். `SAVEFILEPATH`-ஐ D டிரைவுக்கு மாற்றிவிட்டேன். சர்வரில் வைக்கலாமா?

இன்டீரியர் செய்யும் அக்கா:
நாங்கள் சர்வரில் வைத்துப் பார்த்தோம், ஒவ்வொரு ஆட்டோசேவுக்கும் கர்சர் நின்று நின்று போனது. எங்கள் நெட்வொர்க்கால்தானா என்று இன்னும் தெரியவில்லை, வேறு யாராவது வைத்திருந்தால் சொல்லுங்கள்.