கன்னடம் கத்துக்கிட்டப்போ 'பிடி'ன்னு சொன்னதை நம்பி மாட்டிக்கிட்டேன், உங்க கதையும் சொல்லுங்க

மாடிப்படி_மணி:
பெங்களூர் வந்து மூணாவது வாரம். வீடு மாத்தும்போது பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர் பீரோ தூக்க வந்தார், வயசுல பெரியவர். படி திரும்புற இடத்துல அவர் கை பீரோவுக்கும் சுவத்துக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. "பிடி பிடி!"ன்னு கத்துறார். நானும் பொறுப்பா இன்னும் அழுத்திப் பிடிச்சேன். அவர் கத்தக் கத்த நான் அழுத்த அழுத்த, கடைசில அவர் பொண்ணு ஓடி வந்து என் கையைத் தட்டி விட்ட பிறகுதான் புரிஞ்சுது, அவர் சொன்னது 'விடுங்க'ன்னு. விரல் நகம் கறுத்துப் போச்சு பாவம். இன்னைக்கும் என்னைப் பார்த்தா "ஹிட்கொள்ளி சார்"னு கிண்டல் பண்ணுவார், பிடிச்சுக்கோங்கன்னு அர்த்தம்.

பழையஏடு:
இது தமிழ்க்காரன் எல்லாரும் விழுற குழிதான் மணி. ரெண்டு மாற்றம் ஒண்ணா சேர்ந்து உங்களைக் கவுத்திருக்கு. நம்ம 'வ'ல ஆரம்பிக்கிற வார்த்தை நிறைய அங்க பலூன்ல வர்ற கனமான 'ப' ஆயிடும்: வா பா ஆகும், வெல்லம் பெல்ல, வெண்ணெய் பெண்ணெ, விடு பிடு. மரியாதையா சொன்னா 'பிடி'. அப்போ நம்ம 'ப' எங்க போச்சுன்னா ஒரு படி நகர்ந்து 'ஹ' ஆயிடுச்சு. பால் ஹாலு, புலி ஹுலி, பத்து ஹத்து, பெயர் ஹெசரு, நம்ம பிடி அங்க ஹிடி. பழங்கன்னடத்துல அதெல்லாம் 'ப'வாவேதான் இருந்துச்சு. அதனால அவங்க வாயில முதல் எழுத்து கனமான 'ப'வா கேட்டா 'வ' போட்டுப் பாருங்க, 'ஹ'வா கேட்டா 'ப' போட்டுப் பாருங்க. நான் போர்டு படிக்கப் பழகினதே இப்படித்தான், ஊர்ப்பேர் கடைசில வர்ற ஹள்ளி நம்ம பள்ளி. ஆனா பள்ளிக்கூடம் இல்ல, ஊர்னு அர்த்தம், திருச்சிராப்பள்ளில வர்ற பள்ளி மாதிரி. 'ள'வை விட்டுட்டு ஹல்லின்னு சொன்னா சுவத்துப் பல்லி, அதையும் பார்த்துக்கோங்க.

சுறுசுறுப்பு_சுதா:
சூப்பர், அப்போ தமிழ்ல 'ப' இருந்தா 'ஹ' போட்டா கன்னடம் ரெடி. நான் ஆறு மாசமா இதைத்தான் பண்றேன், முக்கால்வாசி வேலை செய்யுது. ஆனா ஆபீஸ்ல ஒரு அக்காகிட்ட "நாளெ நிம் ஜொதெ ஹேசபேக்கு"ன்னேன், நாளைக்கு உங்ககூட பேசணும்னு சொல்றதா நினைச்சு. அவங்க முகம் போன போக்கு இருக்கே!

பழையஏடு:
ஐயோ சுதா! ஹேசிகென்னா அருவருப்பு, அசிங்கம். உங்களைப் பார்த்து முகம் சுளிக்கணும்ங்கிற மாதிரி போய் விழுந்திருக்கும். பேசுறதுக்கு அங்க மாதாடு. அவங்க வார்த்தையைக் கேட்டு தமிழுக்குத் திருப்பினா பெரும்பாலும் ஆபத்து இல்ல, சுத்தி என்ன நடக்குதுன்னு பார்த்து சரி பண்ணிக்கலாம். தமிழ்ல இருந்து நீங்களா கன்னட வார்த்தை உற்பத்தி பண்ணாதீங்க, அப்படி ஒரு வார்த்தையே இல்லாம போகும், இல்ல வேற எதுவாவது ஆகும். சமஸ்கிருதத்துல இருந்து வந்தது பெரும்பாலும் மாறாது, பூ ஹூவு ஆகும் ஆனா பூஜெ ஹூஜெ ஆகாது. நடுவுல வர்ற 'ப்ப'வும் அப்படியே நிக்கும், உப்பு உப்புதான்.

கடலோரம்:
எனக்கும் இதே மாதிரி! கூட வேலை பார்க்குற பொண்ணு "எனிக்கு பனியா"ன்னா, நான் "எனக்கும்தான்மா, தலைக்கு மேல பணி"ன்னு சொல்லி இன்னும் ரெண்டு ஃபைலை அவ மேஜைல வெச்சேன். பாவம், காய்ச்சல் அவளுக்கு. வேலைக்கு அவங்களும் பணின்னுதான் சொல்வாங்க, ன-ண வித்தியாசம் என் காதுல ஏறவே இல்ல.

மாடிப்படி_மணி:
அது மலையாளம்ங்க, நான் கேட்டது கன்னடம்.

கடலோரம்:
ஓ சாரி, தலைப்பைச் சரியாப் பார்க்கல. ஆனா மலையாளத்துல பால் பால்தான், புலி புலிதான், அதனாலயே நாம அசந்துடுறோம். கன்னடத்துலயாவது 'ஹ' வந்து எச்சரிக்கும்.

புதுசா_வந்தவன்:
சாப்பிடும்போது பாட்டி பரிமாறப் பரிமாற பக்கத்துல இருந்தவர் "சாகு சாகு"ன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. போதும்னு அர்த்தமாம். சரி, ஒரு டவுட்டு, ஹேளுங்கிறது நம்ம கேளுதானே? சத்தம் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

பழையஏடு:
தலைகீழ் தம்பி. ஹேளுன்னா சொல்லு. கேளு அங்கயும் கேளுதான்.

புதுசா_வந்தவன்:
அப்போ ஹேளு தமிழ்ல எது? 'ஹ'வை 'ப' ஆக்கினா பேளு வருது, அது நம்ம ஊர்ல வேற விஷயம் சார்.

சுறுசுறுப்பு_சுதா:
நான் அந்த வார்த்தையை இனிமே ஆபீஸ்ல சொல்லவே மாட்டேன் 😂