ஆறு தட்டு, தட்டுக்கு 12 குழி: 600 இட்லிக்கு எத்தனை ஈடு?

கோபிக்காரி
வணக்கம்ங்க. வீட்டிலிருந்தே டிபன் ஆர்டர் எடுக்கிறேன். இதுவரை நூறு, நூற்றைம்பது இட்லிக்கு மேல் போனதில்லை. இப்போது ஒரு காதுகுத்துக்கு 600 இட்லி கேட்டிருக்கிறார்கள். காலை ஏழரைக்குப் பந்தி.

என்னிடம் இருப்பது ஆறு தட்டு இட்லிப் பானை. தட்டுக்கு 12 குழி, ஆக ஈட்டுக்கு 72. 600-ஐ 72-ஆல் வகுத்தால் எட்டு ஈடும் கொஞ்சமும் வருகிறது, அதாவது ஒன்பது ஈடு. ஈட்டுக்கு 12 நிமிடம் என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். ஆனால் ஆறு தட்டும் நிறைய ஊற்றிப் பார்த்தபோது கணக்கு ஒத்து வரவில்லை. 12 நிமிடத்தில் மேல் இரண்டு தட்டும் நடுவில் மாவாகவே இருந்தன. அடித்தட்டு சொதசொதவென்று ஆகிவிட்டது. ஒரு ஈடு இறக்கி மறு ஈடு ஏற்ற அரை மணி நேரம் ஆகிறது. எங்கே தப்பு?

பல்லடம் தறிக்காரர்
தட்டைக் கூட்டுங்க. எட்டுத் தட்டு அடுக்குப் பானை கிடைக்கிறது. ஈட்டுக்கு 96 வந்தால் ஏழே ஈட்டில் முடிந்துவிடும். ஈடு குறைந்தால் நேரமும் குறையும்தானே.

காங்கேயம் பெரியம்மா
தட்டுக்கு 12 இட்லியா! யாரும்மா அவ்வளவு தின்பாங்க? காலைப் பந்தியில் பொங்கலும் வடையும் இருந்தால் ஆளுக்கு மூன்று இட்லியே தாராளம். குழந்தைகள் ஒன்றோடு எழுந்துவிடும். எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டாயா கண்ணு?

கோபிக்காரி
பெரியம்மா, நான் சொன்னது பானைத் தட்டுங்க. ஆனால் நீங்கள் கேட்டதும் நல்லதாகப் போயிற்று. 150 பேர், ஆளுக்கு நான்கு என்று அவர்களே 600 போட்டிருக்கிறார்கள். பொங்கலும் உண்டாம். பேசிப் பார்க்கிறேன்.

பவானி சமையல்
கல்யாண வேலைதான் எனக்குத் தொழில். அம்மிணி, உங்கள் வகுத்தலில் தப்பில்லை. 72, 12 என்ற இரண்டு எண்ணும்தான் சரியில்லை.

முதலில் 12 நிமிடம். அது வீட்டுப் பானையில் இரண்டு மூன்று தட்டு வைக்கும்போது வருகிற நேரம். நீங்கள் 72 இட்லி ஊற்றினால் மூன்றரைக் கிலோவுக்கு மேல் பச்சை மாவு உள்ளே போகிறது. தண்ணீர் கொதித்துக் கிளம்புகிற ஆவி முதலில் கீழ்த்தட்டு மாவில் பட்டுக் குளிர்ந்து தண்ணீராகிவிடும். அந்தத் தட்டு சூடான பிறகுதான் ஆவி மேலே ஏறும். வீட்டு அடுப்பின் தீ அத்தனை மாவையும் 12 நிமிடத்தில் சூடாக்காது. அதனால்தான் மேல்தட்டு மாவாக நின்றது. பல்லடத்துக்காரர் சொன்னபடி எட்டுத் தட்டு வைத்தால் ஈடு குறையும், உண்மைதான். ஆனால் தீ அதேதான் என்றால் ஒவ்வொரு ஈடும் நீளும், மொத்த நேரம் பெரிதாக இறங்காது. தீயைக் கூட்டினால்தான் தட்டைக் கூட்டலாம். வெளியே விறகடுப்போ பெரிய பர்னரோ இருந்தால் அதில் வையுங்கள். ஆவி மூடியோரம் சீறி வந்த பிறகு 15 நிமிடம் போதும்.

அப்புறம் அடுக்கும் முறை. கீழ்த்தட்டின் குழிக்கு நேர் மேலே மேல்தட்டின் குழி வந்தால், உப்பி வரும் இட்லியின் தலை இடித்துச் சப்பையாகும். தட்டைக் கொஞ்சம் திருப்பி, குழிக்கு மேலே இடைவெளி வரும்படி வையுங்கள்.

அடித்தட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கொதிக்கிற தண்ணீர் தெறிக்கும், சொதசொதப்பு வராமல் இருக்காது. அதை வெறுமனே போட்டு வைத்தால் தெறிப்பதை அது வாங்கிக்கொள்ளும். ஆக ஈட்டுக்கு 60.

சிவகிரி தங்கம்
அடித்தட்டை ஏன் விட வேண்டும்? தண்ணீரைக் குறைத்து ஊற்றினால் தெறிக்காது. நான் எல்லாத் தட்டிலும் ஊற்றுகிறேன், நன்றாகத்தான் வருகிறது.

பவானி சமையல்
இரண்டு மூன்று ஈட்டுக்குச் சரி. ஒன்பது பத்து ஈடு தொடர்ந்து போகும்போது குறைந்த தண்ணீர் நடுவில் வற்றிவிடும். பானை அடிப்பிடித்தால் அந்த வாசம் இட்லியில் ஏறும்.

சிவகிரி தங்கம்
ஈட்டுக்கு ஒரு சொம்பு ஊற்றிக்கொண்டே இருந்தால் எப்படி வற்றும்? எனக்கு அடித்தட்டு 12 இட்லி பெரிய விஷயம்.

கோபிக்காரி
அண்ணா, பேசிவிட்டேன். 500 போதும் என்று சொல்லிவிட்டார்கள். 60 என்று வைத்தால் எட்டு ஈட்டுக்கு 480, இன்னும் 20 இட்லிக்காக ஒன்பதாவது ஈடு. கடைசி ஈட்டில் இரண்டு தட்டு மட்டும் ஊற்றினால் போதுமா?

பவானி சமையல்
ஒன்பதையும் நிறைய ஊற்றுங்கள். 20 இட்லி வேகவும் பானை ஏற்றி இறக்க வேண்டும், அதில் மிச்சமாகிற நேரம் சொற்பம். மொத்தம் 540 வரும். மேலே இருக்கிற 40 உடைசலுக்கும், ருசி பார்க்கவும், திடீரென்று வருகிற பத்துப் பேருக்கும் ஆகும். அவர்களிடம் 500 என்றே சொல்லுங்கள்.

இப்போது நேரம். ஒரே செட் தட்டு என்றால் வேக 15 நிமிடம். இறக்கி ஆறவிட்டு, எடுத்து, கழுவி, மறுபடி ஊற்ற இன்னொரு பத்து. 25 நிமிடம் ஒன்பது முறை என்றால் மூன்றே முக்கால் மணி நேரம். ஐந்து தட்டு மட்டும் இன்னொரு செட் வாங்குங்கள். ஒரு ஈடு வேகும்போது அடுத்ததை ஊற்றி வைத்தால், இறக்கி ஏற்ற மூன்று நிமிடம்தான். ஈட்டுக்கு 18, மொத்தம் 162 நிமிடம், ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி. ஏழு மணிக்கு முடிக்க முதல் ஈடு நாலே காலுக்கு ஏற வேண்டும். தண்ணீர் கொதிக்க அதற்கு முன்பே அடுப்பு பற்ற வேண்டும்.

குழிக்கு எண்ணெய் தடவினால் 60 இட்லியையும் கரண்டியால் ஒவ்வொன்றாகக் கிண்ட வேண்டும். ஈரத்துணி விரித்து ஊற்றினால் தட்டைக் கவிழ்த்து, துணி மேல் தண்ணீர் தெளித்து உரித்தால் முடிந்தது. துணியும் இரண்டு செட் வேண்டும்.

பல்லடம் தறிக்காரர்
சரிங்க, தீ பற்றி நான் யோசிக்கவில்லை. ஆனால் நாலே காலுக்கு வெந்த இட்லி ஏழரைக்கு மெத்தென்று இருக்குமா? எங்கள் வீட்டு விசேஷத்தில் முதலில் எடுத்தது ஓரமெல்லாம் காய்ந்து போயிற்று.

காங்கேயம் பெரியம்மா
அகலப் பாத்திரத்தில் வாழை இலை போட்டு அடுக்கி, மேலே உலர்ந்த துணி மூடி அப்புறம் மூடி போட்டால் காயாது. துணி இல்லாமல் மூடினால் மூடியில் வேர்த்துச் சொட்டி மேல் இட்லி நனைந்து போகும்.

பவானி சமையல்
பெரியம்மா சொன்னது சரிதான். ஆனாலும் மூன்று மணி நேரம் கொஞ்சம் அதிகம். முதல் இரண்டு ஈட்டைக் கடைசிப் பந்திக்கு வைக்காமல் முதல் பந்திக்கே போடச் சொல்லுங்கள். இரண்டாவது பானை இரவல் கிடைத்தால் இந்தக் கவலையே இல்லை, ஐந்தரை மணிக்கு ஆரம்பித்தாலும் முடியும்.

கோபிக்காரி
இரண்டாவது பானைக்கு அத்தை வீட்டில் கேட்டிருக்கிறேன். அது நான்கு தட்டு, தட்டுக்கு 16 குழி, குழி கொஞ்சம் சின்னது. மாவு எவ்வளவு ஆட்டட்டும்ங்க?

பவானி சமையல்
சாதாரண அளவு இட்லிக்கு, கிலோ அரிசி கால் கிலோ உளுந்து போட்டால் 55 வரும். 540-க்குப் பத்துக் கிலோ அரிசி, இரண்டரைக் கிலோ உளுந்து. இது குழி அளவைப் பொறுத்து மாறும். முந்தின வாரமே ஒரு கிலோ ஆட்டி, உங்கள் குழியில் எத்தனை வருகிறது என்று எண்ணிவிடுங்கள். அத்தை பானையிலும் அடித்தட்டை விட்டால் 48தான். இரண்டு பானையும் சேர்த்துச் சுற்றுக்கு 108, ஐந்து சுற்றில் 540 வந்துவிடும். இரண்டு அடுப்புக்கும் ஆள் தனித்தனியாக நிற்க வேண்டும், மாவு ஊற்ற ஒருவர் தனி.

தண்ணீர் சேர்க்கும்போது பக்கத்து அடுப்பில் கொதித்துக்கொண்டிருப்பதையே ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆவி நின்றுபோய் அந்த ஈடு கல்லாகும். பானைக்குள் ஒரு காசு போட்டு வையுங்கள், கொதிக்கும்வரை கடகடவென்று ஆடும். சத்தம் நின்றால் தண்ணீர் தீர்ந்தது என்று அர்த்தம்.