கடைகளை மேப்பில் ஏற்றித் தரும் வேலை: யார் ஜிமெயில், மாதக் கட்டணம், வீடியோ வெரிஃபிகேஷன்

ஷால்கிராஸ்காரன்:
டர்பனில் சாட்ஸ்வர்த் பக்கம் சின்னக் கடைகளை கூகுள் மேப்பிலும் தேடலிலும் ஏற்றித் தரும் வேலையைக் காசுக்குச் செய்யலாம் என்றிருக்கிறேன். எல்லாக் கடையையும் என் ஜிமெயிலிலேயே வைத்துக்கொள்ளலாமா? மாதாமாதம் காசு கேட்பது நியாயமா? வெரிஃபிகேஷன் எங்கே மாட்டும்?

வேகம்72:
உங்கள் ஜிமெயிலிலேயே வையுங்கள் தம்பி. கடைக்காரருக்குப் பாஸ்வேர்டே நினைவிருக்காது, ஒவ்வொரு தடவையும் அவர் போனுக்காகக் காத்திருக்க முடியாது. பெயரில் 'டர்பன் கறி பவுடர் பெஸ்ட் ஸ்பைசஸ்' என்று நாலு தேடல் சொல்லைச் சேர்த்துவிடுங்கள், மேலே வரும். வெரிஃபிகேஷனுக்கு போஸ்ட்கார்டு கேளுங்கள், அதுதான் தலைவலி இல்லாதது.

கடைக்கணக்கு:
மாதக் கட்டணம் என்பதே ஏமாற்று. கூகுள் இதற்கு ஒரு சென்ட் வாங்குவதில்லை. ஒரு தடவை ஏற்றித் தருவதற்கு 600, 700 ராண்ட் வாங்கிக்கொள்ளுங்கள், அது உழைப்புக் கூலி. அதற்கப்புறமும் மாதம் 250 கேட்டால், பெயர்ப்பலகை எழுதிய பெயிண்டர் மாதாமாதம் வந்து கையேந்துவது மாதிரிதான்.

மேப்புக்காரர்:
வேகம் சொன்ன மூன்றில் ஒன்று பாதி சரி. கடைக்காரர் பாஸ்வேர்டை மறப்பார் என்பது உண்மைதான். அதற்காகப் பட்டாவை உங்கள் பெயரில் எழுதிக்கொள்ள முடியாது.

செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் மேப்பில் அந்தக் கடை ஏற்கனவே இருக்கிறதா என்று பாருங்கள். பெயரைப் போட்டும் தேடுங்கள், இடத்தைப் பெரிதாக்கியும் பாருங்கள், கடையின் போன் நம்பரைப் போட்டும் தேடுங்கள். வாடிக்கையாளர் யாராவது எப்போதோ சேர்த்திருப்பார், அதில் பத்துப் பதினைந்து ரிவ்யூவும் விழுந்திருக்கும். அதைப் பார்க்காமல் புதிதாக ஒன்று திறந்தால் கடை இரண்டாகிவிடும். ரிவ்யூ பழையதில், வெரிஃபிகேஷன் புதியதில் என்று பிரிந்து நிற்கும். பழையதையே உரிமை கோருங்கள். வேறு யாராவது ஏற்கனவே கையில் வைத்திருந்தால் அனுமதி கேட்கும் கோரிக்கை அனுப்பலாம். பதில் சொல்ல அவருக்கு 3 நாள் உண்டு. அதற்குள் பதில் இல்லையென்றால் நீங்களே உரிமை கோரி வெரிஃபை செய்ய வழி திறக்கலாம்.

கணக்கு கடைக்காரருடைய ஜிமெயில். அவர்தான் முதன்மை உரிமையாளர், நீங்கள் மேனேஜர் மட்டும். பதில் எழுத, நேரம் மாற்ற, படம் போட மேனேஜர் அனுமதி போதும். அந்த ஜிமெயிலின் மீட்பு போன் நம்பர் கடைக்காரருடைய சொந்த நம்பராக இருக்கட்டும், மருமகனுடையது வேண்டாம். இதை முதல் நாளிலேயே செய்துவிடுங்கள். பிறகு மாற்றலாம் என்றால், புதிதாகச் சேர்க்கப்பட்ட உரிமையாளர் முதன்மை உரிமையை வாங்க 7 நாள் காத்திருக்க வேண்டும்.

காசுக்கு இந்த வேலை செய்பவர்களுக்கென்று கூகுள் தனி விதியே வைத்திருக்கிறது. ப்ரொஃபைல் இலவசம் என்பதைக் கடைக்காரரிடம் சொல்ல வேண்டும், முதலிடம் வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. மேலே கடைக்கணக்கு ஐயா சொன்னதில் பாதி இதற்குள் வந்துவிடுகிறது.

வேகம்72:
சரி, ஜிமெயில் விஷயத்தை விட்டுவிடுகிறேன். பெயரில் சொல் சேர்ப்பதை எல்லாரும்தானே செய்கிறார்கள்?

மேப்புக்காரர்:
செய்கிறார்கள், மாட்டாத வரை மேலேயும் வருகிறார்கள். எதிர்க்கடைக்காரர் 'பெயர் தப்பு' என்று ஒரு திருத்தம் அனுப்பினால் போதும். பெயர் சுருங்கும், அல்லது ப்ரொஃபைலே முடக்கப்படும். முடக்கத்துக்கு மேல்முறையீடு அனுப்பும்போது ஆதாரம் ஏற்றச் சுட்டி ஒன்று வரும். அனுப்பிய பிறகு 60 நிமிடத்துக்குள் ஏற்ற வேண்டும். அந்த நேரத்தில் போய் எதெக்வினி மாநகராட்சி பில் எங்கே என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. வேலையைத் தொடங்கும் அன்றே மாநகராட்சி பில் அல்லது வாடகை ஒப்பந்தம், உணவுக் கடையென்றால் தகுதிச் சான்றிதழ், கம்பெனியாகப் பதிந்திருந்தால் சிஐபிசி தாள், இவற்றை ஸ்கேன் செய்து கடைக்காரரிடமே கொடுத்து வையுங்கள். தாளில் உள்ள பெயரும் முகவரியும் ப்ரொஃபைலில் உள்ளதும் ஒன்றாக இருக்கவேண்டும். 'பெஸ்ட் கறி பவுடர்' என்று எந்தத் தாளில் இருக்கிறது?

போஸ்ட்கார்டை நாம் கேட்டு வாங்க முடியாது. எந்த வழி என்று கூகுள் காட்டுகிறதோ அதுதான் வழி, இப்போது பெரும்பாலும் வீடியோ. போஸ்ட்கார்டு கிடைத்தாலும் நம் ஊர் தபாலை நம்பி உட்கார வேண்டும், அதிலுள்ள எண்ணுக்கு 30 நாள்தான் ஆயுள். இடையில் பெயரையோ முகவரியையோ திருத்தினால் அந்த எண் செத்துவிடலாம்.

ஷால்கிராஸ்காரன்:
வீடியோவில்தான் சந்தேகம், அண்ணா. மசாலாக் கடை ஒன்று, வரிசைக் கடைகளில் நடுவில் இருக்கிறது. இரண்டு தடவை அனுப்பியும் நிராகரித்துவிட்டார்கள். உள்ளே அலமாரி, மசாலா டப்பா, தராசு எல்லாம் தெளிவாகக் காட்டியிருக்கிறோம். 40 விநாடி வந்தது.

மேப்புக்காரர்:
காரணத்தை அவர்கள் விவரமாகச் சொல்லமாட்டார்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், வீடியோ கடைக்குள்ளேயே தொடங்கியிருக்கிறது. பார்ப்பவருக்கு அது எந்த ஊர் மசாலாக் கடையாகவும் இருக்கலாம்.

காட்ட வேண்டியது மூன்று: இடம், கடை உண்மையில் நடப்பது, எடுப்பவருக்கு அங்கே உரிமை இருப்பது. மூன்றும் ஒரே ஓட்டத்தில், வெட்டு ஒட்டு இல்லாமல் வரவேண்டும். 30 விநாடிக்குக் குறையக் கூடாது. ஒன்றரை நிமிடம் வைத்துக்கொண்டால் அவசரப்படாமல் எடுக்கலாம்.

சாலையின் எதிர்ப்பக்கம் நின்று தொடங்குங்கள். சாலைப் பெயர்ப்பலகை தெரிந்தால் அதிலிருந்து. சாட்ஸ்வர்த்தில் எண் போட்ட சாலைகளில் பலகை பல இடத்தில் விழுந்து கிடக்கும், அப்படியென்றால் பக்கத்துக் கடைகளின் பெயர், பள்ளி, பெட்ரோல் பங்க் என்று மேப்பில் இருக்கும் ஏதாவது ஒன்றைக் காட்டுங்கள். நடந்து வந்து கடைப் பலகையில் மூன்று நான்கு விநாடி அசையாமல் நில்லுங்கள். பிறகு ஷட்டர் பூட்டைச் சாவியால் திறப்பது தெரியட்டும். அதனாலேயே காலையில் கடை திறக்கும் நேரத்தில் எடுப்பது நல்லது. உள்ளே சரக்கை ஐந்து விநாடி காட்டினால் போதும். கல்லாவுக்குப் பின்னால் போய் டிராயரைத் திறங்கள், பின்கட்டுக் கிடங்குக் கதவைத் திறங்கள். சுவரில் சான்றிதழ் மாட்டியிருந்தால் கடைப்பெயர் படிக்கும்படி நெருங்குங்கள். வாடிக்கையாளர் முகம், ஐடி எண், வங்கித் தாள் எதுவும் வரக்கூடாது.

முன்னாலேயே எடுத்து வைத்த வீடியோவை ஏற்ற முடியாது. போனில் அந்தப் பக்கத்திலேயே எடுக்க வேண்டும். அந்தப் போனில் கடைக்காரருடைய கணக்கு திறந்திருக்க வேண்டும். ஏற்றி முடியும் வரை பக்கத்தை மூடாதீர்கள், டவர் வீக்காக இருந்தால் வைஃபை உள்ள இடத்துக்கு நகருங்கள். பதில் வர 5 வேலைநாள் வரை ஆகலாம். அதுவரை எதையும் திருத்தாமல் கையைக் கட்டிக்கொண்டிருங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். பலகையில் உள்ள பெயரும் நீங்கள் பதிந்த பெயரும் ஒன்றா?

ஷால்கிராஸ்காரன்:
பலகையில் கடைப்பெயரும் 'ஸ்பைசஸ்' என்பதும் மட்டும். பதிந்தபோது பின்னால் 'சாட்ஸ்வர்த்' சேர்த்திருக்கிறோம்.

மேப்புக்காரர்:
எடுத்துவிடுங்கள். ஊர் முகவரியிலேயே இருக்கிறது. திருத்தி முடித்த பிறகு மூன்றாவது வீடியோ எடுங்கள்.

டவுனில் செய்வீர்களென்றால் இன்னொன்று. கிரே ஸ்ட்ரீட்டுக்கு 2008-லேயே டாக்டர் யூசுப் டாடூ ஸ்ட்ரீட் என்று பெயர் மாறிவிட்டது. பழைய கடைகளின் பலகையிலும் பில் புத்தகத்திலும் இன்னும் கிரே ஸ்ட்ரீட்தான். முகவரிப் பகுதியில் புதுப் பெயரை வையுங்கள், மாநகராட்சி பில்லோடு பொருந்தும். பழைய பெயரை விவரிப்பில் ஒரு வரியாக எழுதலாம்.

ஃபீனிக்ஸ் அக்கா:
விளம்பரத்துக்கு மாதம் எவ்வளவு என்றுதானே பேச்சு? நான் வீட்டிலிருந்து சமோசா போட்டு விற்கிறேன். மேப்பில் போட்டதிலிருந்து ராத்திரி ஒன்பது மணிக்கும் கேட்டைத் தட்டுகிறார்கள். விளம்பரத்தை நிறுத்தினால் இது நிற்குமா?

மேப்புக்காரர்:
அக்கா, இது விளம்பரம் இல்லை, நிறுத்த எதுவும் இல்லை. உங்கள் வீட்டு முகவரி வெளியே தெரிகிறது, அதுதான் சிக்கல். முகவரியை மறைத்துவிட்டு, நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் பகுதிகளை மட்டும் போடுங்கள். ஃபீனிக்ஸ், வெருலம், மவுண்ட் எட்ஜ்கோம் என்று 20 பகுதி வரை போடலாம். மறுபடி வெரிஃபை கேட்டால் அடுப்பு, பெயர் அச்சடித்த பொட்டலம், சான்றிதழ் இவற்றைக் காட்டினால் போதும்.

ஃபீனிக்ஸ் அக்கா:
ஆனால் சனிக்கிழமை காலை பத்துப் பேர் வந்து வாங்கிப் போகிறார்களே? அவர்களுக்கு வழி தெரிய வேண்டாமா?

கடைக்கணக்கு:
அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்புங்கள் அக்கா. அதற்கு யாருக்கும் மாதக் காசு கொடுக்க வேண்டாம்.

மேப்புக்காரர்:
அது நல்ல யோசனைதான். பலகை இல்லாத வீட்டில் முகவரியைக் காட்டி வைப்பது எப்போது வேண்டுமானாலும் முடங்கலாம். சனிக்கிழமைக்கு மட்டும் பலகை மாட்டினால் செல்லுமா என்பதில் என்னால் உறுதி தர முடியாது.

மாதக் கட்டணத்துக்கு வருவோம். பெயிண்டர் எழுதிய பலகையை வழியில் போகிறவர் அழித்து எழுத முடியாது. மேப்பில் முடியும். யாரோ ஒருவர் 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று அனுப்புவார், நேரத்தை மாற்றுவார், சில சமயம் நம்மைக் கேட்காமலே அது ஏறிவிடும். மின்னஞ்சல் வரும், மசாலாக் கடைக்காரர் மின்னஞ்சல் பார்ப்பதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்து ஏற்கவோ தள்ளவோ வேண்டும். குட் ஃப்ரைடே, டிசம்பர் 25 நேரங்களை முன்கூட்டியே சிறப்பு நேரமாகப் போட வேண்டும். தீபாவளி இங்கே பொது விடுமுறை இல்லை, அதனால் கூகுள் தானாக நினைவூட்டும் என்று காத்திருக்காதீர்கள், நீங்களே போட வேண்டும். புரட்டாசியில் கோழியை நிறுத்தி மரக்கறி மட்டும் விற்கும் டேக்அவேக்கு மெனு படத்தை மாற்ற வேண்டும். கரண்ட் போகும் நாளுக்கெல்லாம் நேரத்தை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள், அதற்கு முடிவே இல்லை.

கடைக்கணக்கு:
இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிடம். மாதத்துக்கு இருபது நிமிடம். அதற்கு 250 ராண்டா? கூப்பிட்டால் வந்து செய், அப்போது 100 வாங்கு என்றால் சரி.

மேப்புக்காரர்:
கூப்பிட்டால்தானே? 'மூடப்பட்டது' என்று மூன்று வாரம் நிற்பது கடைக்காரருக்குத் தெரிந்தால் அல்லவா கூப்பிடுவார்? தொகையில் சண்டை போடலாம், மூன்று மாதத்துக்கு 300 என்றாலும் எனக்குச் சரி. ஆனால் என்ன செய்தேன் என்று தேதி போட்டு நாலு வரி வாட்ஸ்அப்பில் அனுப்பாதவர் அந்த 300-ஐயும் வாங்கக் கூடாது.

கடைக்கணக்கு:
அந்த நாலு வரியை அனுப்புகிறவர் ஒருவரை இந்த ஊரில் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

வேகம்72:
பிங், ஆப்பிள் மேப் இரண்டையும் யாரும் சொல்லவில்லையே?

மேப்புக்காரர்:
பிங்கில் கூகுளிலிருந்தே இறக்கிக்கொள்ளலாம், தனியாக வேலை குறைவு. ஆப்பிளுக்குத் தனியாகப் பதிய வேண்டும். கூகுளில் வெரிஃபை ஆன பிறகு இரண்டையும் தொடுங்கள், தப்பான பெயர் மூன்று இடத்துக்குப் பரவாமல் இருக்கும்.

ஷால்கிராஸ்காரன்:
'சாட்ஸ்வர்த்' எடுத்தாயிற்று. நாளைக் காலை ஏழு மணிக்கு ஷட்டர் திறக்கும்போது எடுக்கிறோம். எதிர்ப்பக்கத்தில் பஸ் ஸ்டாப் ஒன்று மேப்பில் இருக்கிறது, அங்கிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன்.

மேப்புக்காரர்:
சரி. சாவி கடைக்காரர் கையில் இருக்கட்டும், உங்கள் கையில் வேண்டாம்.