மறு: பை வடிகட்டித் துணியில் படிவது அடையா, ஏடா, பொருக்கா?

நெய்தல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

குப்பை எரி ஆலை ஒன்றின் இயக்கக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். படிக்கப்போகிறவர்கள் பராமரிப்புப் பிரிவில் இருக்கும் நம் ஆட்கள். உலை, கொதிகலன், சுண்ணாம்பு தூவும் பகுதி எல்லாம் தட்டுத்தடுமாறி முடித்துவிட்டேன். பை வடிகட்டியில் வந்து மாட்டிக்கொண்டேன். புகை துணிப்பைகளின் வெளிப்புறத்திலிருந்து உள்ளே போகும்போது தூசி துணிமேல் படிகிறது அல்லவா, அதை ஆங்கிலக் கையேடு ‘ஃபில்டர் கேக்’ என்கிறது. முன்பு யாரோ செய்த வரைவில் ‘வடிகட்டி கேக்’ என்று இருக்கிறது. படித்தால் மெழுகுவர்த்தி ஊதத்தான் தோன்றுகிறது. நான் ‘அழுக்குப் படலம்’ என்று மாற்றினேன். அதுவும் உறுத்துகிறது. நல்ல சொல் சொல்லுங்கள்.

பழையவாத்தியார் எழுதியது:

அம்மா, ‘அடை’ என்று வைத்துவிடுங்கள். தேனடை, வறட்டி அடை, தோசைக்கல்லில் வார்க்கும் அடை எல்லாமே அழுத்திப் படிந்த கட்டிதான். மாவு ஆலைக்காரர்களுக்கும் புரியும். ‘அழுக்குப் படலம்’ என்பதிலும் பெரிய தவறில்லை. அது எப்படியும் தட்டிக் கொட்டவேண்டிய கசடுதானே. குப்பை எரியும்போது உண்டாகும் டையாக்சின் என்ற நச்சின் விஷயமெல்லாம் உலையிலேயே முடிந்துவிடும். 850 பாகை வெப்பத்தில் புகை 2 நொடி நின்றால் அது சிதைந்துவிடும் என்றுதான் விதியே சொல்கிறது. பைக்கு வருவது வெறும் தூசி. ஆகவே எந்தச் சொல் வைத்தாலும் ஆபத்தில்லை.

சுண்ணாம்புக்காரன் எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்ன 850 பாகையும் 2 நொடியும் சரி. உலையில் டையாக்சின் சிதைவதும் சரி. ஆனால் கதை அங்கே முடிவதில்லை. புகை கொதிகலன் வழியாகக் குளிர்ந்துகொண்டே வரும்போது 400 பாகையிலிருந்து 250 வரைக்கும் ஒரு கெட்ட இடைவெளி இருக்கிறது. அங்கே பறக்கும் சாம்பலில் மிச்சமிருக்கும் கரியும் குளோரினும் சேர்ந்து டையாக்சினைப் புதிதாக உண்டாக்கிவிடும். சாம்பலில் இருக்கும் செம்பு அதற்கு வினையூக்கி. அதனால்தான் அந்த இடைவெளியைச் சீக்கிரம் கடக்கும்படி கொதிகலனை அமைப்பார்கள். குழாய்களில் சாம்பல் தங்காமலும் பார்த்துக்கொள்வார்கள். அப்படியும் கொஞ்சம் உண்டாகித்தான் தீரும். அதைப் பிடிப்பது பைதான்.

இன்னும் சரியாகச் சொன்னால் பை பிடிப்பதில்லை, பைமேல் படிந்ததுதான் பிடிக்கிறது. இதனால்தான் ‘அழுக்கு’ என்ற சொல்லை நான் எதிர்க்கிறேன். பைக்கு முன்னால் குழாயில் இரண்டு பொடிகளைத் தூவுகிறோம். ஒன்று நீறிய சுண்ணாம்பு. அது ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கும் கந்தக டைஆக்சைடுக்கும். இன்னொன்று செயலூட்டிய கரித்தூள். அது டையாக்சினுக்கும் பாதரசத்துக்கும். குழாயில் புகையும் பொடியும் கூடவே பறப்பது சில நொடிதான். அதே பொடி துணிமேல் ஒட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் இருக்கிறது. வருகிற புகை முழுவதும் அதை ஊடுருவித்தான் போகவேண்டும். பெரும்பங்கு வேலை நடப்பது அங்கேதான். மெல்லிய தூசியைத் தடுப்பதும் துணியைவிட அந்தப் படிவுதான். வெறும் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஊசித்துளை மாதிரி கண்கள் தெரியும்.

ஒரு தொழிலாளி கையேட்டில் ‘அழுக்கு’ என்று படித்தால் என்ன செய்வான்? துடைப்பான்.

ஆலைமணி எழுதியது:

அண்ணே, நமக்கும் இதே பிரச்சினைதான். நம்ம அரிசி ஆலையில் உமி எரிக்கும் கொதிகலனுக்குப் பின்னால் பை போட்டிருக்கிறோம். மழைக்காலத்தில் சாம்பல் பொருக்கு பொருக்காக ஒட்டிக்கொண்டு வராது. நாங்கள் கழற்றி வெயிலில் போட்டு மூங்கில் குச்சியால் அடிப்போம், பளிச்சென்று ஆகிவிடும். உங்கள் பையையும் அப்படிச் செய்து பாருங்கள். மருந்து எதுவும் தேவையில்லை.

நெய்தல் எழுதியது:

ஐயா, நான் கேட்டது சுத்தம் செய்யும் வழி இல்லை, பெயர். ஆனால் ‘பொருக்கு’ என்று ஒரு சொல்லைப் போகிற போக்கில் கொடுத்துவிட்டீர்கள், நன்றி. உங்கள் ஆலையில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்களா?

ஆலைமணி எழுதியது:

ஆமாம். சோற்றுப் பானை அடியில் பிடித்ததும் பொருக்குதான், காய்ந்த சேறு வெடித்து எழும்புவதும் பொருக்குதான். தட்டினால் ஏடு ஏடாக விழும்.

வன்னிமகள் எழுதியது:

தங்கச்சி, ‘அடை’ வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அதற்கு ஒரே காரணம் ‘அடைப்பு’. “பையில் அடை இருக்கிறது” என்று எழுதினால், அவசரத்தில் வாசிக்கிறவருக்கு “பை அடைபட்டுப் போயிற்று” என்றுதான் விளங்கும். சுண்ணாம்புக்காரன் சொல்வதோ நேர் எதிர். அது இருக்கவேண்டிய பொருள். பாலில் படருகிற ‘ஏடு’ எப்படி? மெல்லியது, மேற்பரப்பில் இருப்பது, யாரும் அழுக்கு என்று நினைக்கமாட்டார்கள். ‘ஆடை’ என்றும் சொல்லலாம், ஆனால் துணிக்கு ஆடை உடுத்தினால் சிரிப்பார்கள்.

இன்னொன்று. கரித்தூள் பிடிப்பதை ‘உறிஞ்சல்’ என்று எழுதிவிடாதேயும். இலங்கைப் பாடநூல்களில் புறத்துறிஞ்சல், அகத்துறிஞ்சல் என்று இரண்டையும் பிரித்திருக்கிறோம். கரி செய்வது புறத்துறிஞ்சல். உங்கள் பக்கம் ‘பரப்புக் கவர்தல்’ என்பார்கள். அதுவும் நல்ல சொல்தான்.

பழையவாத்தியார் எழுதியது:

புதிதாக உண்டாகும் என்பது எனக்குத் தெரியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘ஏடு’ என்றால் எனக்குப் பனையோலைதான் வருகிறது. அது கிடக்கட்டும், முந்தைய பகுதியில் சுண்ணாம்பு தூவும் கருவியை என்னவென்று எழுதினீர்கள்? ‘ஸ்கிரப்பர்’ என்பதற்கு நான் ‘வளிகழுவி’ என்று வைத்திருக்கிறேன்.

நெய்தல் எழுதியது:

அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை ஐயா. இந்த ஆலையில் தண்ணீரே இல்லை, காய்ந்த சுண்ணாம்புப் பொடிதான். தண்ணீர் இல்லாமல் என்ன கழுவல்? காரக் கரைசலைப் பொழியும் கோபுரத்துக்கு ‘வளிகழுவி’ பொருந்தும். இதற்கு ‘அமிலநீக்கி’ என்று எழுதியிருக்கிறேன்.

சுண்ணாம்புக்காரன் அண்ணா, ஒரு உதவி. இந்தப் படிவு எவ்வளவு தடிமன் இருக்கும்? ஏடா அடையா என்று அதை வைத்துத்தான் தீர்க்கமுடியும் என்று படுகிறது.

சுண்ணாம்புக்காரன் எழுதியது:

ஒரு நடுத்தர ஆலையை எடுத்துக்கொண்டு தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு ஒரு லட்சம் இயல்நிலைக் கனமீட்டர் புகை. பைக்கு வரும்போது வெப்பம் 150 பாகை. அந்த வெப்பத்தில் புகை விரிந்து 1,55,000 கனமீட்டர் ஆகிவிடும். துணியை நிமிடத்துக்கு 0.9 மீட்டர் வேகத்தில் கடக்கவேண்டும் என்றால் சுமார் 2,900 சதுர மீட்டர் துணி வேண்டும். வரும் சாம்பல், தூவும் சுண்ணாம்பு, கரி எல்லாம் சேர்த்து மணிக்கு 450 கிலோ என்று வையுங்கள். கனமீட்டருக்கு 500 கிலோ அடர்த்தி என்றால் ஒரு மணி நேரத்தில் படிவது 0.3 மில்லிமீட்டர்தான். வாத்தியார் வார்க்கிற அடை இல்லை. வன்னி அக்காவின் ஏடுதான் கிட்டத்தட்ட.

இதில் கரி எவ்வளவு? கனமீட்டருக்கு 100 மில்லிகிராம் தூவினால் மணிக்கு 10 கிலோ. படிவதில் நாற்பதில் ஒரு பங்குகூட வராது. புகையில் கனமீட்டருக்கு 3 நானோகிராம் டையாக்சின் வருகிறது என்றால் மொத்தமே மணிக்கு 0.3 மில்லிகிராம். ஐரோப்பாவிலும், இந்தியாவின் 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலும் எல்லை 0.1 நானோகிராம், நச்சுச் சமனளவில். ஆக முப்பதில் இருபத்தொன்பது பங்கை அந்த 10 கிலோ கரி பிடித்தாகவேண்டும்.

இனி என் கதை. நான் வேலை பார்த்த ஒரு ஆலையில் ஒரு வரிசைப் பைகளை முழுவதும் மாற்றினோம். புதுப்பைகளுக்கு முதலில் சுண்ணாம்பு ஊதிப் பூசவேண்டும், அவசரத்தில் விட்டுவிட்டார்கள். அப்புறம் அழுத்தக்காற்றால் உதறுவதை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை என்று நேரக்கட்டுப்பாட்டில் வைத்துவிட்டார்கள். பைக்கு முன்னும் பின்னும் அழுத்த வேறுபாடு 40 மில்லிமீட்டர் நீர் உயரத்திலேயே நின்றது. வழக்கமாக 120, 130 இருக்கும். எல்லோருக்கும் சந்தோஷம், விசிறி மின்சாரம் குறைகிறதே என்று. புகைபோக்கித் தூசிமானியின் கோட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒவ்வொரு உதறலுக்கும் ஒரு கூர்முனை, வரிசையாகச் சீப்புப் பல் மாதிரி. படிவு சேர்வதற்குள் உதறிக்கொண்டே இருந்தோம். டையாக்சினை உடனுக்குடன் காட்டும் மானி கிடையாது. 6 முதல் 8 மணி நேரம் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும், முடிவு வரச் சில வாரம் ஆகும். வந்தபோது எல்லைக்கு மேலே இருந்தது. நேரக்கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, அழுத்த வேறுபாடு 140ஐத் தொட்டால் மட்டும் உதறு என்று மாற்றினோம். அடுத்த மாதிரி எல்லைக்குள் வந்தது.

ஆலைமணி சொன்ன மழைக்காலக் கதையும் எங்களிடம் உண்டு. பையின் வெப்பம் 130க்குக் கீழே போனால், சுண்ணாம்பு அமிலத்தோடு சேர்ந்து உண்டான கால்சியம் குளோரைடு ஈரம் இழுத்துப் பிசுபிசுக்கும். அப்போது அழுத்தம் 250க்குப் போகும். எவ்வளவு உதறினாலும் இறங்காது. அதற்கும் ஒரு பெயர் வேண்டும். இது நல்ல படிவு இல்லை.

வன்னிமகள் எழுதியது:

அதுதான் ‘அப்பல்’. சேறு அப்பினது போல. இருக்கவேண்டியது ஏடு, இருக்கக்கூடாதது அப்பல். இரண்டையும் எதிரெதிரே வைத்தால் கையேடு தானாக விளங்கும்.

ஆலைமணி எழுதியது:

அப்படியானால் நான் மூங்கில் குச்சியால் அடிப்பது தப்பா?

சுண்ணாம்புக்காரன் எழுதியது:

உமிச் சாம்பலுக்குக் கரித்தூள் தூவவில்லை, டையாக்சின் எல்லையும் கேட்கமாட்டார்கள். ஆனால் துணி கிழியும். அடித்து முடித்த அன்று புகைபோக்கியைப் பாருங்கள், வழக்கத்தைவிடக் கறுப்பாக இருக்கும்.

நெய்தல் எழுதியது:

இப்போதைக்கு வரைவில் ‘தூசியேடு’ என்று போட்டிருக்கிறேன். ‘அப்பல்’ அப்படியே. வாத்தியாருக்காக அடிக்குறிப்பில் ‘அடை’யும் இருக்கும். ஒரு வாக்கியம் பாருங்கள்: “புதுப்பை மாட்டியதும் முதலில் சுண்ணாம்பு ஊதித் தூசியேடு உருவாக்குக. அழுத்த வேறுபாடு 140ஐத் தொடும்வரை உதறாதே.”

பழையவாத்தியார் எழுதியது:

வாக்கியம் நன்றாக இருக்கிறது. ஆனால் ‘உருவாக்குக’ என்று தொடங்கி ‘உதறாதே’ என்று முடிக்கிறீர்கள். மரியாதையை ஒரே மாதிரி வையுங்கள். ‘தூசியேடு’ பற்றி எனக்கு இன்னும் சம்மதமில்லை. ‘படியேடு’ என்றால் என்ன?