கோத்தகிரி ஏற்றத்தில் கியர் தீர்ந்துபோகிறது, மிதி 40-க்கு இறங்கிவிடுகிறது

கோவைமிதி:
ரோடு பைக் வாங்கி நாலு மாதம் ஆகிறது. முன்னே 50/34 பல், பின்னே 11-28 பல் கேசட், எட்டு ஸ்பீடு, 700×25 டயர். என் எடை 78 கிலோ. சமதளத்தில் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் சிரமமில்லாமல் போய்விடுவேன்.

போன ஞாயிறு மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குக் கிளம்பினேன். 33 கிலோமீட்டர்தானே, மொத்தத்துக்கும் சராசரி ஏற்றம் ஐந்து சதவீதத்துக்குக் கீழ்தானே என்று நினைத்தேன். குஞ்சப்பனை தாண்டியதும் கியர் தீர்ந்துவிட்டது. முன்னே சின்ன செயின்ரிங், பின்னே கடைசிப் பல்சக்கரம், அதற்குமேல் லீவர் நகரவில்லை. ஒவ்வொரு மிதியும் உரலில் மாவாட்டுகிற மாதிரி இருந்தது. ஆனால் மூச்சு வாங்கவில்லை, கூட வந்த நண்பனோடு பேசிக்கொண்டே வந்தேன். தொடைதான் எரிந்தது. அரவேணு வரைக்கும்கூட போக முடியாமல் திரும்பிவிட்டேன். மறுநாள் வலது முழங்காலின் முன்பக்கம் வலி.

வீடியோவில் எல்லாரும் கேடன்ஸ், அதாவது நிமிடத்துக்கு மிதி சுற்றும் எண்ணிக்கை, 90 இருக்க வேண்டும் என்கிறார்கள். மலையில் 90 எப்படி வரும்?

வேகமிதி:
பழகினால் வரும். நீங்கள் தொடையால் ஏறுகிறீர்கள், மூச்சால் ஏற வேண்டும். லேசான கியரில் வேகமாகச் சுற்றினால் சுமை தசையிலிருந்து நுரையீரலுக்கு மாறும். சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் அப்படித்தானே ஏறினார். அவர் ஊக்கமருந்து போட்டது வேறு கதை, சுற்றிய விதம் சரிதான். ஒரு மாதம் சமதளத்தில் 90, 95 என்று ஓட்டுங்கள், மலையிலும் தானாக வந்துவிடும்.

பழையசங்கிலி:
லீவர் நகரவில்லை என்றால் கேபிளைப் பாருங்க தம்பி. எனக்கு வால்பாறை ரோட்டில் இதே கதைதான். மழையில் நனைந்து கேபிள் உறைக்குள்ளே துரு ஏறி, பாதி கியர் விழவே இல்லை. கேபிளும் உறையும் சேர்த்து மாற்றினேன், சரியாகிவிட்டது.

கோவைமிதி:
இல்லைங்க அண்ணா, கியர் எல்லாம் நன்றாகவே விழுகிறது, சத்தம்கூட இல்லை. கடைசி கியரில் போயும் மிதிக்க முடியவில்லை என்பதுதான் என் கேள்வி.

மலையடி:
வேகமிதி சொன்னதில் முதல் பாதி சரி. பேச்சு வருகிறது, தொடை எரிகிறது என்றால் கியர் கனம் என்று பொருள். கால் லேசாகச் சுற்றுகிறது, பேச முடியவில்லை என்றால் அளவுக்கு மீறிச் சுற்றுகிறோம் என்று பொருள். இரண்டாம் பாதிதான் மலையில் செல்லாது.

ஆல்ப் துயேஸ் என்ற பிரெஞ்சு ஏற்றம் 13.8 கிலோமீட்டர், சராசரி எட்டு சதவீதம். அதை 40 நிமிடத்தில் ஏறுகிறவரின் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் முன்னே 39, பின்னே 21 போட்டாலே மிதி 90-ஐத் தொடும். நீங்கள் 34/28-ல் 90 சுற்றினால் மணிக்குக் கிட்டத்தட்ட 14 கிலோமீட்டரில் போக வேண்டும். ஆறு சதவீத ஏற்றத்தில், உங்கள் எடையோடு பைக்கும் தண்ணீரும் சேர்த்தால், அதற்கு ஏறக்குறைய 245 வாட் வேண்டும். நாலு மாதக்காரர் அதை ஐந்து நிமிடம் தாங்கலாம், இரண்டு மணி நேரம் முடியாது. உடம்பு தரும் சக்தி வேகத்தை முடிவு செய்கிறது, வேகமும் கியரும் சேர்ந்து கேடன்ஸை முடிவு செய்கின்றன. மலையில் கேடன்ஸ் என்பது கடைசியில் மிஞ்சுகிற எண். அதை முதலில் தீர்மானித்துவிட்டு அதன்படி ஏற முடியாது.

அதனால் ஊகம் வேண்டாம், அளந்து பார்ப்போம். அடுத்த முறை அதே இடத்தில் வலது முழங்கால் எத்தனை தடவை மேலே வருகிறது என்று 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். வேகத்தை ஃபோனில் பார்க்காதீர்கள், வளைவும் மரமும் உள்ள மலைப்பாதையில் அது தடுமாறும். ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு எத்தனை நிமிடம் என்று மட்டும் பாருங்கள். அடிவாரத்தில் வேகம் காட்டாமல் போங்கள், இல்லாவிட்டால் களைப்பைத்தான் அளப்போம்.

கோவைமிதி:
சனிக்கிழமை போய்வந்தேன். மூன்று தடவை எண்ணினேன்: 21, 21, 22. அதாவது 42-ஐ ஒட்டி. கல்லிலிருந்து கல்லுக்கு எட்டு நிமிடம், ஒன்றிரண்டு நொடி முன்னே பின்னே. அந்த ஒரு கிலோமீட்டரில் கடைசி கியரை விட்டு வெளியே வரவே இல்லை.

மலையடி:
இந்தக் கணக்கு இடிக்கிறது.

உங்கள் சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர் உருளும். 34/28-ல் ஒரு முழு மிதிக்கு 2.55 மீட்டர் போக வேண்டும். நிமிடத்துக்கு 42 மிதி என்றால் 107 மீட்டர்தான் வரும். நீங்களோ எட்டு நிமிடத்தில் ஆயிரம் மீட்டர், அதாவது நிமிடத்துக்கு 125 மீட்டர் போயிருக்கிறீர்கள். 125-ஐ 42-ஆல் வகுத்தால் மிதிக்கு ஏறக்குறைய 2.98 மீட்டர். அதை 2.1-ஆல் வகுத்தால் 1.42. முன்னே 34 என்றால் பின்னே 24.

11-28 எட்டு ஸ்பீடு கேசட்டில் 28-க்கு முந்தைய பல்சக்கரம் வழக்கமாக 24. நீங்கள் கடைசி கியர் என்று நினைத்திருப்பது கடைசிக்கு முந்தையது என்று சந்தேகப்படுகிறேன். பைக்கைச் சுவரில் சாய்த்து, பின்சக்கரத்தைத் தூக்கி, ஒவ்வொரு க்ளிக்காகப் போட்டுக் கீழே குனிந்து பாருங்கள். மிகச் சின்னதிலிருந்து மிகப் பெரியதுக்கு ஏழு க்ளிக் இருக்க வேண்டும்.

கோவைமிதி:
ஆறுதான் இருக்கிறது! செயின் நிற்கிற சக்கரத்துக்கு உள்ளே இன்னொன்று பளபளவென்று புதுசாக இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், 28 பல். நாலு மாதத்தில் ஒருநாள்கூட அதில் செயின் ஏறியதில்லை போல. பழையசங்கிலி அண்ணா, மன்னிக்கணும்.

பழையசங்கிலி:
நான் உங்க கேள்வியைத் தப்பாகத்தான் படித்தேன், ஆனாலும் பலித்துவிட்டது பாருங்க. கேபிளை இழுத்துக் கட்டுங்க, போதும்.

மலையடி:
கேபிளா என்று முதலில் தெரிய வேண்டும். பெடலைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே, சட்டத்தின் அடிக்குழாயில் வெளியே ஓடுகிற கேபிளை விரலால் இழுங்கள். செயின் 28-ல் ஏறினால் கேபிள் தளர்ந்திருக்கிறது, சரிசெய்யும் திருகைத் திருப்பினால் தீரும். எவ்வளவு இழுத்தும் ஏறவில்லை என்றால், செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தள்ளுகிற ரியர் டீரெய்லரில் L என்று எழுதியிருக்கும் திருகு தடுக்கிறது. மற்ற கியரெல்லாம் சுத்தமாக விழுகிறது என்பதால் எனக்கு L மேல்தான் சந்தேகம். கேபிள் தளர்ந்தால் நடுவிலும் கரகரக்கும்.

ஆனால் L-ஐ நீங்களே தளர்த்த வேண்டாம். அது சும்மா இறுகாது. டீரெய்லர் தொங்குகிற ஹேங்கர் உள்பக்கம் வளைந்திருந்தால், செயின் ஆரக்கம்பிக்குள் விழாமல் இருக்க யாரோ வேண்டுமென்றே இறுக்கியிருப்பார்கள். அதைத் தெரியாமல் திறந்துவிட்டால், மலையில் முழு பலத்தோடு மிதிக்கும்போது டீரெய்லர் சக்கரத்துக்குள் போய் நொறுங்கும். பைக் எப்போதாவது வலப்பக்கம் விழுந்ததா?

கோவைமிதி:
இழுத்துப் பார்த்தேன், ஏறவில்லை. வாங்கிய இரண்டாவது வாரம் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஒரு ஸ்கூட்டர் தட்டி வலப்பக்கம் விழுந்தது. அப்போது ஒரு கடையில் 'கியர் செட்' செய்து கொடுத்தார்கள். கம்பியில் உரசுகிறது என்று சொன்னதும் நினைவுக்கு வருகிறது.

மலையடி:
அங்கேதான் இறுக்கியிருக்கிறார்கள். வளைவை நிமிர்த்துகிற அளவுகோல் வைத்திருக்கும் வேறு கடைக்குப் போங்கள். முதலில் ஹேங்கர் நேராக வேண்டும், அப்புறம் L. இந்த வரிசை மாறக்கூடாது.

சோலைக்காற்று:
முழங்கால் வலியைப் பற்றி யாருமே பேசவில்லையே. எனக்கும் முன்பக்கம்தான் வலித்தது, குன்னூர் ஏறும்போது. என் பைக்கில் 34/34 இருக்கிறது, 65-ல் நிதானமாகச் சுற்றிக்கொண்டு போகிறவள் நான். அப்படியும் வலித்தது. கடைசியில் சீட்டை எட்டு மில்லிமீட்டர் ஏற்றியதும் போய்விட்டது. எல்லாவற்றுக்கும் கியர்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

மலையடி:
சீட் தாழ்வாக இருந்தாலும் அங்கேதான் வலிக்கும், மறுக்கவில்லை. ஆனால் இவர் விஷயத்தில் கனமும் உண்மை. ஒரே சக்தியை 42-ல் கொடுப்பதற்கும் 60-ல் கொடுப்பதற்கும், ஒவ்வொரு மிதியிலும் கால் தள்ளும் விசையில் நாற்பது சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும். முதலில் கியர் சரியாகட்டும்.

சோலைக்காற்று:
வலிக்கிறவருக்கு எது காரணம் என்பதைவிட வலி போவதுதானே முக்கியம்? நானாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே பார்ப்பேன்.

கோவைமிதி:
ஹேங்கர் உள்பக்கம் வளைந்துதான் இருந்தது, நிமிர்த்திவிட்டார்கள். இப்போது ஏழு க்ளிக்.

இன்று அதே இரண்டு கல்லுக்கு இடையே எட்டு நிமிடம் ஐந்து நொடி. முன்பு 42, இப்போது 48. வேகம் கூடவில்லை, ஆனால் தொடை எரிச்சல் பாதிதான். மூச்சு கொஞ்சம் கூடுதலாக வாங்குகிறது, பேச முடிகிறது. நின்று நின்றாவது கோத்தகிரி போய்ச் சேர்ந்து டீ குடித்தேன். ஆனாலும் செங்குத்தான வளைவுகளில் 40-க்குத்தான் இறங்குகிறது. முழங்கால் லேசாக உணர்த்துகிறது, போன முறை அளவுக்கு இல்லை. சீட்டை இன்னும் தொடவில்லை.

வேகமிதி:
48 எல்லாம் போதாது. எழுந்து நின்று மிதியுங்கள்.

மலையடி:
வளைவின் உள்பக்கம் செங்குத்தாகிற இருபது மீட்டருக்கு எழுந்து நிற்கலாம். அதையே வழக்கமாக வைத்தால் இவர் எடைக்கு இதயத் துடிப்பு ஏறிவிடும். கோவைமிதி, முடிந்தால் வளைவுகளில் வெளிவட்டமாகப் போங்கள், அங்கே சாய்வு குறைவு. எதிரே பஸ் வந்தால் மட்டும் வேண்டாம். கியரை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள். 40-ல் நசுக்கிக்கொண்டு மாற்றினால் செயின் ஏறாமல் கடகடக்கும். அரைச் சுற்றுக்குக் காலைத் தளர்த்தி மாற்றுங்கள்.

அடுத்தது 11-32 கேசட். இன்றைக்கு 48 வந்த அதே வேகத்தில் 55-ஐ ஒட்டி வரும். கடைக்காரர் ஒத்துவரும் என்று சொன்னால் மட்டும் நம்ப வேண்டாம். முன்னே 50-34 வித்தியாசம் 16, பின்னே 32-11 வித்தியாசம் 21, மொத்தம் 37 பல் அளவுக்கு உங்கள் டீரெய்லர் செயினைச் சுருட்ட வேண்டும். இப்போது 33-தான் சுருட்டுகிறது. அதோடு 32 பல்லையே அது தாங்குமா என்பது தனிக் கேள்வி. டீரெய்லரின் பின்பக்கம் மாடல் எண்ணோடு SS அல்லது GS என்று இருக்கும். GS-ல் செயினைச் சுருட்டும் கூண்டு SS-ஐவிட நீளம். செயின் நீளமும் பார்க்க வேண்டும்: தவறுதலாக முன்னே 50, பின்னே 32 போட்டால் பழைய செயின் இழுபட்டு டீரெய்லரைப் பிய்த்துவிடக்கூடும்.

கோவைமிதி:
விளக்கு வைத்துத் தேடிப் பார்த்தேன். எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஸ்கூட்டர் உரசிய கீறல்தான் இருக்கிறது. R2000 வரை தெரிகிறது, அதன்பின் ஒன்றும் இல்லை. கூண்டின் நீளத்தை அளந்து கண்டுபிடிக்க முடியுமா?