கலைச்சொல்: தலைப்பின் முக்கியச் சொல்லை முன்னுக்குக் கொண்டுவருவதை எப்படிச் சொல்வது?

செல்வி:

குழுவினருக்கு வணக்கம். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை விவசாயிகளுக்கான ஒரு செயலியில் அறிவிப்புகள் எழுதுகிறேன். போன மாதம் அடுத்தடுத்து மூன்று அறிவிப்புகள் அனுப்பினோம். மூன்றுமே 'பொள்ளாச்சி சுற்றுவட்டாரத் தென்னந்தோப்புகளில் பரவிவரும்' என்றுதான் தொடங்கின. ஒன்று சுருள் வெள்ளை ஈ பற்றி, ஒன்று காண்டாமிருக வண்டு பற்றி, மற்றது வாடல் நோய் பற்றி. கைப்பேசித் திரையில் மூன்றும் ஒரே மாதிரி விழுந்தன:

பொள்ளாச்சி சுற்றுவட்டாரத் தென்னந்தோ…

வந்ததே திரும்பத் திரும்ப வருகிறது என்று நினைத்து, பலர் திறக்காமலே தள்ளிவிட்டிருக்கிறார்கள். இப்போது 'சுருள் வெள்ளை ஈ: தென்னையில் கட்டுப்படுத்தும் வழி' என்று மாற்றி எழுதுகிறோம். இப்படி முக்கியச் சொல்லைத் தலைப்பின் தொடக்கத்தில் வைப்பதை எங்கள் அலுவலகத்தில் 'ஃபிரண்ட்-லோடிங்' என்கிறார்கள். புதிதாக வரும் எழுத்தாளர்களுக்குத் தமிழில் ஒரு குறிப்பேடு தயாரிக்கிறேன். அதில் போட ஒரு சொல் வேண்டும். 'முன்வைத்தல்' என்று எழுதிப் பார்த்தேன், 'கோரிக்கையை முன்வைத்தார்' என்பதுதான் காதில் விழுகிறது.

மணிமாறன்:

தலைப்பின் கடைசியில் வரும் மூன்று புள்ளிகளுக்குச் சொல் கேட்கிறீர்கள் என்றால் 'முப்புள்ளி' போதுமே. வெட்டுப்படுவதற்கு 'துணிப்பு' என்று வைக்கலாம். அதைவிட, எழுத்தளவைக் கொஞ்சம் குறைத்தால் முழுத் தலைப்பும் தெரிந்துவிடாதா?

செல்வி:

புள்ளிகளுக்கு அல்ல, மணி அண்ணா. அவை விழுவதற்கு முன்னால் எந்தச் சொல் நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கிறோமே, அந்த வேலைக்கு. எழுத்தளவு எங்கள் கையில் இல்லை. அறிவிப்புப் பட்டையில் அதைக் கைப்பேசிதான் வைத்துக்கொள்கிறது. எங்கள் வாசகர்களில் பாதிப் பேர் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் பெரியவர்கள், அவர்கள் திரையில் இன்னும் சீக்கிரம் வெட்டுப்படும்.

கதிர்:

எங்கள் இடத்தில் இதற்கு விதியே வைத்திருக்கிறோம்: தலைப்பு 60 எழுத்தைத் தாண்டக் கூடாது. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தினால் தனிச்சொல் எதற்கு? சொல் வேண்டும் என்றால், முதலில் நிற்பதால் 'தலைச்சொல்' என்றே சொல்லலாம்.

இளவேனில்:

தம்பி கதிர், தலைப்பு சுருக்கமாக இருக்க வேண்டும் என்பது சரி. ஆனால் 60 ஆங்கிலத் தலைப்புக்கு எடுத்த கணக்கு. திரை எழுத்தை எண்ணுவதில்லை, அகலத்தை அளக்கிறது. தமிழில் 'ர' ஒடுங்கி நிற்கும், 'ண' விரிந்து நிற்கும், 'கொ' ஓர் எழுத்தானாலும் மூன்று உருவுகளின் இடத்தைப் பிடிக்கும். கூகுள் தேடலிலும் தலைப்புக்கு இத்தனை எழுத்து என்ற வரம்பு கிடையாது, கருவியின் அகலத்துக்கு ஏற்பத்தான் வெட்டுகிறது. அதனால் எண்ணுவதை விட்டுவிட்டு, ஒரு பக்கத்தில் இதைப் போட்டுக் கண்ணால் பாருங்கள்:

```css
.title {
  width: 220px;
  white-space: nowrap;
  overflow: hidden;
  text-overflow: ellipsis;
}
```

அகலத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தால் எந்தச் சொல் தப்புகிறது, எது போகிறது என்று தெரிந்துவிடும்.

இந்தச் சிக்கல் தமிழில் கூடுதலாக இருக்கக் காரணம் நம் வாக்கிய அமைப்பு. நாம் அடைமொழியை எல்லாம் முன்னால் அடுக்கிவிட்டுப் பெயரைக் கடைசியில் சொல்வோம். செல்வியின் பழைய தலைப்பில் 'பரவிவரும்' என்ற பெயரெச்சம், தான் தழுவும் 'ஈ'யைப் பின்னால் தள்ளிவிட்டது. இலக்கணப்படி அது குற்றமில்லாத தொடர். ஆனால் வெட்டும் கத்தி வலப்பக்கம் இருக்கிறது, நம் கனமான சொல்லும் அங்கேயே இருக்கிறது. முக்காற்புள்ளி போட்டுப் பெயரை முன்னால் பிரித்து வைப்பதுதான் நல்ல வழி. 'ஈ, சுருள் வெள்ளை' என்று சொற்களைப் புரட்டிப் போட்டால் தமிழாக இருக்காது.

'தலைச்சொல்' வேண்டாம். அகராதிப் பதிவின் முதலில் நிற்கும் சொல்லுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. 'முன்னிலைப்படுத்தல்' என்று யாராவது சொல்வதற்குள் அதையும் தள்ளிவிடுகிறேன், ஒன்றை எடுப்பாகக் காட்டுவதற்கு அது புழங்கிக்கொண்டிருக்கிறது.

நாச்சியப்பன்:

யாப்பில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அடியின் தொடக்கத்தில் அளவுக்குப் புறம்பாகத் தனித்து நிற்கும் சொல்லைக் கூன் என்பார்கள். 'சுருள் வெள்ளை ஈ:' என்பது கூன்தானே?

இளவேனில்:

ஐயா, ஒப்புமை அழகாக இருக்கிறது. ஆனால் கூன் அடியின் அளவுக்குள் சேராதது. இங்கே முதலில் நிற்கும் சொல்தான் இருக்கும் இடத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. அதோடு, இளம் எழுத்தாளரிடம் 'உன் தலைப்புக்குக் கூன் போடு' என்றால் வேறு பொருள்தான் படும். நான் 'முந்துசொல்' என்று முன்மொழிகிறேன். முந்தி நிற்பது, வெட்டு விழுவதற்கு முந்துவது, இரண்டும் அதில் வந்துவிடும்.

பாத்திமா:

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன், செல்விக்கு நேரடியாகவே பொருந்தும். நானும் வேளாண் செய்திதான் எழுதுகிறேன். 'தென்னந்தோப்பில் சுருள் வெள்ளை ஈ தாக்குதல்' என்று அனுப்பியிருந்தோம். ஒரு விவசாயி கூப்பிட்டு, 'தோப்புக்குள்ள வெள்ளம் வருதுன்னு போட்டிருக்கீங்களே, எந்தப் பக்கம்மா?' என்று கேட்டார். அவர் திரையில் வந்தது இது:

தென்னந்தோப்பில் சுருள் வெள்ள…

'ளை'யில் இருந்த ஐகாரக் குறி மட்டும் வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது. திரை ஓர் எழுத்தை இப்படிப் பாதியில் வெட்டுமா?

இளவேனில்:

அது திரையின் வேலை இல்லை, பாத்திமா. உங்கள் சர்வரில் யாரோ முன்கூட்டியே வெட்டி அனுப்பியிருக்கிறார்கள். ஒருங்குறியில் 'ளை' என்பது 'ள' ஒன்று, 'ை' ஒன்று, ஆக இரண்டு குறிகள். நீங்கள் காட்டிய துண்டை இடைவெளிகளோடு எண்ணினேன், சரியாக 28 குறிகள். நிரலில் இப்படி ஏதாவது இருக்கும்:

```php
mb_substr($title, 0, 28)
```

இதை `grapheme_substr` என்று மாற்றச் சொல்லுங்கள். அது 'ளை'யை ஒரே எழுத்தாக எண்ணும், குறியைத் தனியே பிய்க்காது. அதே 28 என்ற எண்ணுக்கு இன்னும் நீளமான தலைப்பும் கிடைக்கும். ஆனால் நிரலைத் திருத்தினாலும் பெரிய எழுத்து வைத்திருப்பவரின் திரை எங்கேயோ வெட்டத்தான் போகிறது. 'சுருள் வெள்ளை ஈ' முதலில் நின்றிருந்தால் இந்தத் தொலைபேசி அழைப்பு வந்திருக்காது.

கதிர்:

60 கணக்கை நான் விட்டுவிடுகிறேன். 'முந்துசொல்' எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் செல்வி கேட்டது செயலுக்கான சொல். 'முந்துசொல்லாக்கு' என்று ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள், நாக்குத் தடுக்குகிறது. 'முற்படுத்து' என்றால்? 'வெள்ளை ஈயை முற்படுத்து.'

நாச்சியப்பன்:

'முற்படு' என்றால் இன்று 'முயற்சி செய்' என்றுதான் படிக்கிறார்கள். 'தப்பிக்க முற்பட்டார்' என்று நாளிதழில் தினமும் வருகிறது. பழைய வழக்கில் 'முந்துறுத்து' உண்டு, முன்னே செல்லவிடு என்று பொருள். முந்துசொல்லோடு குடும்பமாகவும் சேரும்.

செல்வி:

'முந்துசொல்' குறிப்பேட்டில் ஏறிவிட்டது. வினைக்கு இப்போதைக்கு 'முந்துசொல்லை முதலில் வை' என்று விரித்தே எழுதியிருக்கிறேன். 'முந்துறுத்து' எங்கள் பிள்ளைகள் வாயில் நுழையுமா என்று அடுத்த வாரம் கேட்டுப் பார்க்கிறேன்.

எழுதும்போது ஒன்று இடித்தது. 'ஊர்ப்பெயரை முதலில் வைக்காதே' என்று விதியாகவே எழுதியிருந்தேன். ஆழியாறு அணையில் தண்ணீர் திறக்கும் அறிவிப்புக்கு அது தவறு. அங்கே விவசாயி முதலில் தேடுவது தன் வாய்க்காலின் பெயரைத்தான். 'தண்ணீர் திறப்பு:' என்று எல்லா அறிவிப்பையும் தொடங்கினால் பழையபடி எல்லாம் ஒரே மாதிரி தெரியும். எனவே அந்த விதியை அடித்துவிட்டு, 'அடுத்த அறிவிப்பிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் சொல் எதுவோ அதுவே முந்துசொல்' என்று மாற்றினேன்.

பாத்திமா:

அப்படியானால் எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் பட்டியலில் நெல்காரரும் இருக்கிறார்கள், தென்னைக்காரரும் இருக்கிறார்கள். பயிரின் பெயர் இல்லாமல் பூச்சியை மட்டும் முதலில் வைத்தால் யாருக்கான செய்தி என்று தெரியாது. இரண்டையும் வைத்தால் திரையில் பாதி போய்விடும். இதில் எது முந்துசொல்?

இளவேனில்:

பட்டியலைப் பயிர்வாரியாகப் பிரித்து அனுப்ப முடிந்தால் பூச்சி. முடியாவிட்டால் நான் பயிரைத்தான் வைப்பேன், அதுவும் 'தென்னந்தோப்புகளில்' என்று இழுக்காமல் 'தென்னை' என்று மட்டும். செல்வி இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.