பள்ளி மடிக்கணினியில் படக்குறிப்புகள் சிதைகின்றன: பணி ஓய்வு பெறும் ஆசிரியைக்கான படக்காட்சிக்கு உதவி தேவை

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், தமிழ்வழி வகுப்புகளும் மலையாளவழி வகுப்புகளும் சேர்ந்து நடக்கும் ஒரு பள்ளியில் பணியாற்றுகிறேன். எங்கள் மூத்த தமிழாசிரியை ஓய்வு பெறுவதை முன்னிட்டு, வரும் வெள்ளிக்கிழமை மாலை ஆசிரியர்கள் மட்டும் கூடும் நிகழ்ச்சியில் காட்டுவதற்காக 46 படங்கள் கொண்ட ஒரு படக்காட்சியை வீட்டுக் கணினியில் பவர்பாயிண்டில் செய்து முடித்தேன். ஒவ்வொரு படத்தின் அடியிலும் ஓரிரு வரிக் குறிப்பு உண்டு. குறிப்புகளைச் சக ஆசிரியர்கள் பலர் எழுதித் தந்தார்கள். அவற்றுள் 11 குறிப்புகளை எங்கள் அலுவலகத்தில் ஒருவர் தட்டச்சு செய்து கோப்பாகவே தந்தார்.

வீட்டில் எல்லாம் சரியாகத் தெரிகிறது. பள்ளி மடிக்கணினியில் லினக்ஸ் இருப்பதால் கோப்பு இம்ப்ரெஸில் திறக்கிறது. அங்கே இரண்டு வகையான கோளாறுகளைக் காண்கிறேன். அலுவலகத்திலிருந்து வந்த 11 குறிப்புகளும் `ed;wp` என்பதுபோல வெறும் ஆங்கில எழுத்துகளாக நிற்கின்றன. மற்றவை தமிழாகவே தெரிந்தாலும், எழுத்தின் உருவம் மாறிப் பருத்து, இரண்டு வரியாக இருந்தது மூன்று வரியாகிக் கடைசி வரி திரைக்கு வெளியே போய்விடுகிறது. தலைமையாசிரியர் வெள்ளிக்கிழமை காலையில்கூட ஏதேனும் ஒரு குறிப்பைத் திருத்தச் சொல்லக்கூடியவர் என்பதால் பள்ளியிலேயே திருத்தும் வசதியும் எனக்கு வேண்டும்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. 1994ஆம் ஆண்டுக் குழுப்படத்திலிருந்து டீச்சரின் முகத்தை மட்டும் பெரிதாக்கி முதல் படமாக வைத்தேன். அது மிகவும் மங்கலாக இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த படம் அது.

வேலந்தாவளத்தான்

அம்மா, இது எளிய காரியம். பவர்பாயிண்டில் `File > Options > Save` என்ற இடத்தில் `Embed fonts in the file` என்று ஒரு கட்டம் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் எழுத்துருக்கள் கோப்போடு சேர்ந்தே பயணம் செய்யும். எங்கே திறந்தாலும் வீட்டில் கண்டதுபோலவே தெரியும். படத்தை வாட்ஸ்அப்பில் `Document` ஆக அனுப்பச் சொல்லுங்கள், தெளிவு குறையாது.

பணி நிறைந்தவர்

என் ஓய்வின்போது வாசித்தளித்த வாழ்த்துமடலில் "மெழுகுவர்த்தியாய் உருகி" என்று மூன்று இடங்களில் எழுதியிருந்தார்கள். தங்கள் மடலில் அதைத் தவிர்த்துவிட்டு, டீச்சர் எந்தப் பாடத்தை எப்படி நடத்துவார் என்று ஒரு பத்தியாவது எழுதுங்கள். மடலைச் சட்டமிட்டுத் தருவதும் நல்லது.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை

ஐயா, நான் கேட்டது வாழ்த்துமடலைப் பற்றி அன்று. ஆயினும் மெழுகுவர்த்தி என் படக்குறிப்புகளிலும் ஓரிடத்தில் எரிந்துகொண்டிருந்தது, அதை எடுத்துவிட்டேன். வேலந்தாவளம் நண்பரே, தாங்கள் சொன்னபடி செய்து இன்று பள்ளியில் திறந்து பார்த்தேன். எந்த மாற்றமும் இல்லை.

அச்சுக்கோப்பவர்

வேலந்தாவளம் நண்பர் சொன்னது விண்டோஸிலிருந்து இன்னொரு விண்டோஸ் கணினிக்குப் போகும்போது பெரும்பாலும் பலிக்கும். தங்கள் பள்ளியில் உள்ள இம்ப்ரெஸோ, தாங்களே சோதித்துவிட்டபடி, கோப்புக்குள் வைத்த எழுத்துருவை எடுத்துக்கொள்வதில்லை. மேலும் தங்களிடம் இருப்பவை வேறு வேறு காரணம் கொண்ட இரண்டு கோளாறுகள் என்பதால், தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

அந்த 11 குறிப்புகள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. பாமினியில் கோப்புக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துதான். e என்ற எழுத்துக்கு ந என்னும் உருவத்தையும், w என்பதற்கு ற என்னும் உருவத்தையும் அந்த எழுத்துரு வரைந்து காட்டுகிறது. ஆகவே `ed;wp` என்பது "நன்றி". தங்கள் வீட்டுக் கணினியில் பாமினி இருக்கிறது, பள்ளியில் இல்லை, அவ்வளவுதான். குறிப்பைத் தேர்ந்தெடுத்து வேறு தமிழ் எழுத்துருவுக்கு மாற்றிப் பயனில்லை. யூனிகோடாக மாற்றித்தான் ஆக வேண்டும். விண்டோஸில் NHM Converter போன்ற மாற்றி ஒன்றில் இட்டால் 11 குறிப்புகளும் சில நிமிடங்களில் மாறிவிடும்.

மாற்றிய பிறகு ஒவ்வொரு குறிப்பின் முதல் எழுத்தையும் கண்ணால் பார்த்துவிடுங்கள். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் வழக்கம் பவர்பாயிண்டுக்கு உண்டு. பாமினியில் e என்றால் ந, E என்றால் நு. k என்றால் ம, K என்றால் மு. ஆகையால் `ed;wp` என்று தட்டச்சு செய்தது `Ed;wp` ஆகி, "நுன்றி" என்று நிற்கும். நான் அச்சகத்தில் இருந்த காலத்தில் "முணமக்கள்" என்று அச்சாகிவிட்ட திருமண அழைப்பிதழ் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன். முற்றுப்புள்ளிக்கு அடுத்து வரும் சொல்லிலும் இதே விபத்து நேரும்.

இரண்டாவது கோளாறு யூனிகோடுக் குறிப்புகளுடையது. அவற்றில் எழுத்து சரியாகவே இருக்கிறது. தாங்கள் பயன்படுத்திய விண்டோஸ் எழுத்துரு அங்கே இல்லாததால், லினக்ஸ் தன்னிடமுள்ள வேறொன்றை இட்டு நிரப்புகிறது. ஒரே அளவு எண் கொடுத்தாலும் தமிழ் எழுத்துருக்களின் அகலம் ஒன்றுக்கொன்று கணிசமாக வேறுபடும். அதனால்தான் மூன்றாவது வரி பிறக்கிறது. பள்ளி மடிக்கணினியின் முனையத்தில் கீழ்க்கண்டதை இட்டால், அங்குள்ள தமிழ் எழுத்துருக்களின் பெயர்கள் வரும்.

```
fc-list :lang=ta family
```

அந்தப் பட்டியலில் உள்ள ஒன்றைத் தங்கள் வீட்டுக் கணினியிலும் நிறுவி, எல்லாக் குறிப்புகளையும் அதற்கே மாற்றிவிட்டால் இரண்டு இடத்திலும் வரிகள் ஏறத்தாழ ஒரே இடத்தில் முறியும். எனினும் ஒரு வரிக்குரிய இடத்தைக் கட்டத்தில் மிச்சம் வைப்பது பாதுகாப்பு.

நிகழ்ச்சியில் காட்டுவதற்கு மட்டும் இதைவிடக் குறுகிய வழி உண்டு. வீட்டில் சரியாகத் தெரியும் அந்தக் கணினியிலிருந்தே பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். எழுத்துரு அதனுள் உறைந்துவிடும், பாமினியும் உட்பட. லினக்ஸின் ஆவணக் காட்டியில் திறந்து F5 அழுத்தினால் திரை முழுவதும் படம் நிற்கும், அம்புக்குறியால் நகர்த்தலாம். அசைவுகளும் பின்னணி இசையும் அதில் வராது. `File > Export > Create a Video` வழியே காணொளியாக்கினால் இசையும் இருக்கும். ஆனால் படங்கள் தம் வேகத்தில் ஓடும், யாராவது பேச எழுந்தால் ஒவ்வொரு முறையும் நிறுத்த வேண்டியிருக்கும்.

வேலந்தாவளத்தான்

பாமினியின் கோப்பையே பள்ளி மடிக்கணினியில் `~/.local/share/fonts` என்ற உறையில் போட்டுவிட்டால் மாற்றவே தேவையில்லையே? கடவுச்சொல்லும் கேட்காது.

அச்சுக்கோப்பவர்

அதுவும் நடக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை அந்த மடிக்கணினி பழுதாகி வேறொன்றைக் கொண்டுவந்தால் மீண்டும் `ed;wp` தான். அதோடு, தலைமையாசிரியர் திருத்தச் சொல்லும்போது பாமினி விசைப்பலகை தெரிந்த ஒருவரையும் அருகில் வைத்திருக்க வேண்டும்.

படத்தைப் பற்றியும் ஒரு சொல். வாட்ஸ்அப்பில் வழக்கமாக வரும் படத்தின் நீண்ட பக்கம் ஏறக்குறைய 1600 புள்ளிகள் இருக்கும். முழுப் படமாகக் காட்டும்போது சாதாரண புரொஜெக்டருக்கு அது தாராளம். ஆகவே 46 படங்களையும் திரும்பக் கேட்டு யாரையும் அலைக்கழிக்க வேண்டாம். குழுப்படத்தில்தான் சிக்கல். ஒரு வரிசையில் 13 பேர் நின்றால் ஒருவருக்குக் கிடைப்பது சுமார் 120 புள்ளிகள், முகத்துக்கு அதில் பாதி. 60 புள்ளி முகத்தைத் திரை முழுவதும் விரித்தால் மங்காமல் என்ன செய்யும்? மூலப்படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால், 8 அங்குல அகலத்துக்கு 4800 புள்ளிகள் வரும். அதே முகம் மூன்று மடங்காகும். அப்போதும் திரையின் கால்பங்கு அளவுக்கு மேல் பெரிதாக்காதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை

மூலப்படம் அலுவலகச் சுவரில் சட்டத்துக்குள் இருக்கிறது. ஓரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டதுபோலத் தெரிகிறது.

அச்சுக்கோப்பவர்

அப்படியானால் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். படத்தின் மேற்பூச்சு கண்ணாடியோடு போய்விடும். சட்டத்தோடு இறக்கி, வெயில் நேரே படாத தாழ்வாரத்தில் சுவரோடு நிமிர்த்தி வைத்து, எதிரே ஒருவர் கறுப்புத் துணியை விரித்துப் பிடிக்க, அதற்கு மேலாகக் கைபேசியை நீட்டி, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். கண்ணாடியில் எதிரொளி விழாமல் இருக்கத்தான் அந்தத் துணி. வேட்டியைப் பிடித்தால் வேட்டி படத்தில் தெரியும்.

நகரிக்காரர்

நாங்கள் ஆந்திர எல்லையில், நகரிப் பக்கம். எங்கள் பள்ளியில் சென்ற ஆண்டு தமிழிலும் தெலுங்கிலும் குறிப்பெழுதி இதேபோல ஒரு படக்காட்சி செய்தோம். எழுத்துரு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் திரையைத் தாழக் கட்டியிருந்ததால், மூன்றாவது வரிசைக்குப் பின்னால் இருந்தவர்களுக்குப் படத்தின் அடிப்பகுதி தெரியவில்லை. முன்வரிசையில் இருந்தவர்களின் தலைகள்தான் தெரிந்தன. பாதிப் பேர் குறிப்பே படிக்காமல் சிரிப்பவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். தாங்கள் குறிப்பை மேலே வையுங்கள். இன்னொன்று, ஐந்து வினாடிக்கு ஒரு படம் என்று விட்டிருந்தோம். தமிழை முடிப்பதற்குள் தெலுங்கு போய்விட்டது. இரண்டு மொழி வேண்டுமா என்றே இப்போது எனக்கு ஐயமாக இருக்கிறது.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை

எங்கள் ஆசிரியர் அறையில் பாதிப் பேருக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. மலையாளம் இல்லாமல் விட்டால் அவர்கள் வெறும் படம் பார்ப்பார்கள்.

அச்சுக்கோப்பவர்

திரையில் தமிழ் ஒரு வரி மட்டும் இருக்கட்டும். மலையாளத்தில் ஒருவர் வாய்மொழியாகச் சொல்லட்டும் என்பது என் கருத்து. இரண்டு எழுத்தையும் அடுக்கினால் இரண்டுமே சிறுத்துவிடும்.

நகரிக்காரர்

அப்படிச் சொல்பவர் குறிப்போடு நிற்க மாட்டார் ஐயா, தம் அனுபவத்தையும் சேர்த்துச் சொல்வார். எங்கள் ஊரில் 20 நிமிடம் சொன்னார்.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை

இதுவரை நடந்ததைத் தெரிவிக்கிறேன். 11 குறிப்புகளையும் யூனிகோடாக மாற்றினேன். நான்கில் முதல் எழுத்து கெட்டிருந்தது, அவற்றுள் ஒன்று "முலர்ந்த முகத்துடன்". பள்ளிப் பட்டியலில் Noto Sans Tamil இருந்ததால் அதையே வீட்டிலும் நிறுவி எல்லாவற்றையும் மாற்றினேன். குறிப்புகளை மேலே ஏற்றி, 12 சொற்களுக்கு மேற்பட்டவற்றைச் சுருக்கினேன். பள்ளியில் திறந்தபோது ஒரே ஒரு குறிப்பு மட்டும் வரி மாறியது. அதில் ஒரு சொல்லை வெட்டிவிட்டேன். காட்டுவதற்குப் பிடிஎஃப், திருத்துவதற்கு மூலக்கோப்பு, இரண்டும் பென்டிரைவில் உள்ளன. பாடலைக் கைபேசியிலிருந்து தனியாக ஒலிக்கச் செய்வோம்.

குழுப்படம் தாழ்வாரத்தில் நன்றாக வந்தது. முகத்தை மட்டும் வெட்டாமல், டீச்சரும் இருபுறமும் உள்ள இருவருமாக மூவர் தெரியும்படி வைத்தேன். இடப்புறம் நிற்பவர் யார் என்று பள்ளியில் இப்போது இருக்கும் ஒருவருக்கும் தெரியவில்லை. குறிப்பில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை டீச்சரையே கேட்டுவிடலாம் என்று. மலையாளக் குறிப்புகளைப் பற்றித் தலைமையாசிரியர் இன்னும் முடிவு சொல்லவில்லை.